இருபத்திரண்டு காலி பீரியட்

எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு முன்னால் நான் போய் உட்கார்ந்தது இருபது வருடத்தில் மூன்றே முறை. முதல் முறை வேலைக்கான நேர்காணல். இரண்டாவது, இயற்பியல் ஆய்வகக் கூரை ஒழுகியபோது. மூன்றாவது, ரோபோட்டிக்ஸ் கிளப் தொடங்க அனுமதி கேட்டு. முதல் இரண்டு முறையும் கேட்டது கிடைத்தது. மூன்றாவது முறையும் கிடைத்தது. அது கிடைத்த விதத்தைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. அரசு உதவி பெறும் பள்ளி. அப்படியென்றால் என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வரும்; மழையோ வெயிலோ, மாதக் கடைசியில் வங்கியில் விழுந்துவிடும். அரசு பணியிடம் தராத பாடங்களுக்கு நிர்வாகமே ஆள் போட்டு, தன் கையிலிருந்து சம்பளம் கொடுக்கும். எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் அப்படி வந்தவள். உள்ளூர்ப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். ஒரே ஓய்வறையில் பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். நான் வாங்குவதில் ஆறில் ஒரு பங்குகூட அவள் வாங்குவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

அவள் அத்தனை வருடம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம்தான். கம்ப்யூட்டர் பாடத்துக்கு என்றைக்காவது அரசு பணியிடம் ஒதுக்கும், அன்றைக்கு முழுநேரமாகத் தொடர்ந்து வேலை பார்த்துவந்தவருக்குத்தான் நிர்வாகம் முதலில் தரும் என்று தலைமையாசிரியர் ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளிடம் சொல்லுவார். முழுநேரமாக, தொடர்ந்து. அந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான் அவள் ராமநாதபுரத்தில் இதைவிட நல்ல சம்பளத்தில் வந்த வேலை ஒன்றை விட்டாள்.

ரோபோட்டிக்ஸ் ஆசை என்னுடையது இல்லை, அவளுடையது. சொந்தக் காசில் ஒரு சின்ன கன்ட்ரோல் போர்டு, இரண்டு மோட்டார், எதிரே இருக்கும் பொருளின் தூரத்தை அளக்கும் சென்சார் எல்லாம் தபாலில் வரவழைத்து, மதிய இடைவேளையில் ஒரு குட்டி வண்டி செய்தாள். சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் அது தானாக நின்று திரும்பும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு கம்ப்யூட்டர் அறை ஜன்னலில் வந்து தொங்குவார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், "மிஸ், அதுக்குக் கண்ணு எங்கன இருக்கு?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் இதைக் கிளப்பாக நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஓடிப்போய் முன்னால் நின்றது நான்தான். நான் அரசு பணியிடத்தில் இருப்பவள், நான் கேட்டால் நிர்வாகம் காது கொடுக்கும் என்று அவளிடமே சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு: எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு வாரம் உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதினேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து இருபத்து நான்கு பிள்ளைகள், மூன்று பேருக்கு ஒரு செட், ஆக எட்டு செட். போர்டு, சக்கரம், மோட்டார், சென்சார் எல்லாம் சேர்த்துச் செட்டுக்கு இரண்டாயிரத்து முந்நூறு. பொதுவாக வைத்துக்கொள்ள மல்டிமீட்டர், வயரைப் பற்றவைக்கும் சால்டரிங் கருவி, பேட்டரி, சார்ஜர், வயர் என்று ஒன்பதாயிரத்து அறுநூறு. மொத்தம் இருபத்தெட்டாயிரம். அடுத்த வருடத்திலிருந்து உடைந்ததை மாற்ற மட்டும் ஆறாயிரம். மதுரைக் கம்பெனி ஒன்று நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டுப் போன விலைப்பட்டியலில் மூன்றரை லட்சம் இருந்தது. அதையும் பக்கத்திலேயே ஒட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்கட்டுமே.

பலன் என்ற தலைப்பில் அவளும் நானும் சண்டையே போட்டோம். நான் மாநிலப் போட்டி, பரிசு என்று எழுதினேன். அவள் அடித்துவிட்டாள். பிள்ளைகள் நாலு மாதத்தில் தரையில் போட்ட கோட்டைப் பிடித்து ஓடும் வண்டி ஒன்று செய்வார்கள். வருடக் கடைசிக்குள் பள்ளிக் குடிதண்ணீர்த் தொட்டியில் நீர்மட்டம் குறைந்தால் ஆபீஸ் அறையில் மணி அடிக்கிற கருவி ஒன்று செய்து மாட்டுவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்ததைப் பெற்றோர் முன்னால் விளக்கும். அவ்வளவுதான் எழுத வேண்டும் என்றாள். லாரித் தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் பிள்ளைகள் குழாயைத் திருகித் திருகிப் பார்த்த நாட்கள் எங்களுக்குக் குறைவில்லை. அவள் சொன்னதுதான் சரி, அப்படியே எழுதினேன்.

ஐந்தாம் பக்கம் மேற்பார்வை. அங்கேதான் என் புத்தி போயிற்று.

சால்டரிங் மேசைக்கு ஒருவர், கம்ப்யூட்டர் பக்கம் ஒருவர், ஆக இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். பேட்டரியை ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ் போடக் கூடாது. ஐந்து பத்துக்கு உள்ளூர்ப் பஸ் போய்விட்டால் பெண் பிள்ளைகள் வீடு சேர முடியாது, அதனால் பள்ளி முடிந்த பிறகு நடத்த முடியாது. புதன், வெள்ளி கடைசி இரண்டு பீரியட்தான் தோது. யாருக்கு அந்த நேரம் இருக்கிறது என்று நிர்வாகம் கேட்கும். நான் எங்கள் இருவருடைய கால அட்டவணையையும் கட்டம் போட்டேன். வாரத்துக்கு நாற்பது பீரியட். அவளுக்கு வகுப்பும் செய்முறையும் சேர்த்துப் பதினெட்டு. மீதிக் கட்டங்களில் அட்டவணையில் 'ஆய்வகப் பராமரிப்பு', 'நூலகம்' என்று எழுதியிருக்கும். எல்லாப் பள்ளியிலும் நிர்வாகச் சம்பளக்காரர்களின் அட்டவணையை இப்படித்தான் நிரப்புவார்கள். நான் அந்தப் பூச்சையெல்லாம் அழித்துவிட்டு, 'காலி பீரியட்: இருபத்திரண்டு. எனவே மேற்பார்வைக்குக் கூடுதல் செலவு இல்லை' என்று எழுதினேன்.

அதைப் படித்ததும் அவள் முகம் மாறியது.

"அக்கா, இந்தக் கடைசிப் பக்கம் வேணாம்க்கா."

"ஏம்மா? அதான முக்கியம். யாரு பாப்பா, எப்பப் பாப்பான்னு கேப்பாகல்ல?"

"கேட்டா வாயால சொல்லிக்கலாம். நாம ரெண்டு பேரும் பாத்துக்கிறோம்னு மட்டும் போடுங்க. எங்கள மாதிரி ஆளுக சும்மா இருக்குற மாதிரி பேப்பர்ல வரக் கூடாதுக்கா."

"நீ சும்மாவா இருக்க? அது எல்லாருக்கும் தெரியும்," என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "தெரியும்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்திரண்டில் அவள் என்ன செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருடைய விவரத்தையும் அரசு இணையதளத்தில் ஏற்றுவது அவள். எங்கள் வினாத்தாளையெல்லாம் தட்டச்சு செய்வது அவள். தலைமையாசிரியரின் கடிதங்கள், உதவித்தொகைப் பட்டியல், ஏன், எங்கள் சம்பளப் பட்டியலைக்கூட அவள்தான் அடித்துக் கொடுப்பாள். இதையெல்லாம் ஐந்தாம் பக்கத்தில் எழுதலாமா என்று நான் யோசித்தேன். எழுதினால், இத்தனை வேலைக்கு நடுவில் கிளப்பை எப்படிப் பார்ப்பாள் என்று கேள்வி வரும், திட்டம் அடிபடும் என்று விட்டுவிட்டேன். மறந்துபோய் விட்டதில்லை. தெரிந்தே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸ் அறையில் கூட்டம். பள்ளிச் செயலர் ராமநாதபுரத்தில் மிளகாய்க் கமிஷன் கடை வைத்திருப்பவர். சட்டையில் கார நெடி இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்த நான் இரண்டு முறை தும்மினேன். அவருக்கு அடுத்து குழு உறுப்பினர் ஒருவர், சாயல்குடிப் பக்கம் நிலபுலன் உள்ளவர். தலைமையாசிரியர் தீர்மானப் புத்தகத்தோடு மேசையின் ஓரத்தில் இருந்தார். கம்ப்யூட்டர் டீச்சரைக் கூப்பிடவில்லை. நிர்வாகச் சம்பளத்தில் இருப்பவர்கள் குழுக் கூட்டத்துக்கு வருவது வழக்கமில்லை.

"ரோபோட்டுன்னா இந்தப் பறக்குற சாமானும் உண்டா டீச்சர்?" என்று உறுப்பினர் ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்படைத் தளத்து விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. அது போய் முடியும்வரை எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். எங்கள் ஊரில் பாடம் நடத்துவதும் அப்படித்தான்.

"இல்லங்கய்யா. தரையில ஓடுறது மட்டுந்தான். பறக்குற எதையும் செய்ய மாட்டோம்னு ரெண்டாம் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

"ஆமா, அந்த வம்பு நமக்கு வேணாம். பெறகு நேவிக்காரன் வந்து பிரின்சிபாலக் கூட்டிக்கிட்டுப் போவான்," என்றார். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

செயலர் விலைப்பட்டியல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மூணர லட்சத்த இருபத்தெட்டாயிரத்துல முடிக்கிறீக. எங்க கடைக்கு வந்துருங்க டீச்சர்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். இதனால் பிளஸ் டூ ரிசல்ட் ஏறுமா என்று கேட்டார். ஏறாது, இது எட்டாவது ஒன்பதாவதுக்கு, தண்ணித் தொட்டிக்கு மணி கட்டுவோம் என்றேன். ஏறும் என்று பொய் சொல்லாததை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். தொட்டி மணி அவருக்குப் பிடித்தது. "அது உருப்படியான காரியம்" என்றார்.

பிறகு ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினார். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு போனார். கணக்குப் பார்க்கிற மனிதரின் கண்ணுக்கு நானே கோடு போட்டுக் கொடுத்திருந்தேன்.

"நாப்பதுல இருபத்திரண்டு சும்மாவா?" என்று தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்டார். "அப்ப இத்தன வருசமா முழுச் சம்பளம் எதுக்குக் குடுக்குறோம்?"

தலைமையாசிரியர் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அன்றைக்கு அவர் கையில் இருந்த கூட்ட அழைப்புக் கடிதமே அவள் அடித்துக் கொடுத்ததுதான். அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். அவருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

நான்தான் பேசினேன். "சும்மா இல்லங்கய்யா. அந்த நேரத்துல ஆபீஸ் வேலை, ஆன்லைன் வேலை எல்லாமே அவதான் பாக்குறா."

"அப்படின்னா கிளப்ப எப்பப் பாப்பாக? காலின்னு நீங்கதான டீச்சர் எழுதியிருக்கீக. இதுல எது நெசம்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, நியாயமாகவே கேட்டார். காகிதத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று நானே மாட்டிக்கொண்டேன். இரண்டும் நெசம்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து பக்கத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். "ரெண்டும் சமாளிச்சுக்கிருவா" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

பத்தே நிமிடத்தில் தீர்மானம் எழுதியாயிற்று. ரோபோட்டிக்ஸ் கிளப்புக்கு அனுமதி. கம்ப்யூட்டர் ஆசிரியை வரும் மாதத்திலிருந்து பகுதி நேரம். பதினெட்டு பீரியடையும் காலையில் வைத்து முடித்துவிடுவது, சம்பளம் அதற்கு மட்டும். அதில் மிச்சமாவதில் கிளப்புக்கான சாமான் வாங்கிக்கொள்வது. கிளப் மேற்பார்வை, ஆர்வம் உள்ளவர் என்பதால், அவரே விருப்பப் பணியாகச் செய்யலாம். "வெளிய யாருகிட்டயும் நன்கொடைன்னு போய் நிக்க வேண்டியதில்ல பாருங்க," என்று செயலர் என்னைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சொன்னார். அவர் எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தார்.

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்னால் அவளிடம் நானே சொன்னேன். வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஏழு மணிக்கே வந்து வாசலில் நின்றேன். அவள் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டர் அறைப் பூட்டைத் திறந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ரெக்கார்டுல பகுதி நேரம்னு போட்டுட்டாகளா?"

"தீர்மானம் எழுதிட்டாக."

"அப்ப அந்தப் பணியிடம்?"

அவள் ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஆன் செய்துகொண்டு போனாள். முதல் பீரியட் பிளஸ் ஒன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

அன்று மாலையே செயலரின் கடைக்குப் போனேன். குண்டு மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார், டீ வாங்கி வரச் சொன்னார். கிளப் வேண்டாம் ஐயா, திட்டத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எழுதியே கொண்டுவந்திருக்கிறேன் என்று கடிதத்தை நீட்டினேன். படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கிளப்ப வேணா வாபஸ் வாங்குங்க டீச்சர். கண்ணால பாத்த கணக்க நான் எப்படி வாபஸ் வாங்க முடியும்? நாளைக்கி மத்த மெம்பர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"அந்தக் கணக்கு தப்புங்கய்யா. அவ பாக்குற வேலய நான் எழுதல. வேணும்னே எழுதல."

"எழுதாதது உங்க தப்பு. அதுக்குத் தீர்மானத்த மாத்தச் சொல்றீகளே" என்றார். டீ வந்தது. குடிக்காமல் எழுந்து வர எனக்குத் தைரியம் இல்லை, குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து அவள் ஒன்றரை மணிப் பஸ்ஸில் போய்விடுவாள். மதியத்துக்கு உச்சிப்புளியில் ஒரு இ-சேவை மையத்தில் சேர்ந்தாள்; சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற வேலை. கிளப்புக்கு வரவில்லை. வரச் சொல்லி நானும் கேட்கவில்லை. இணையதள வேலையை எங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டோம். முதல் மாதமே நான்கு வகுப்பு விவரம் தப்பாக ஏறி, கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. வினாத்தாளை ஆளாளுக்கு வெளியே கொடுத்து அடித்துக்கொண்டார்கள். அவளுக்கு வேலையில்லை என்று குழுவில் ஒருவரும் பிறகு சொல்லவில்லை. அவளைத் திரும்ப முழுநேரமாக்கவும் இல்லை.

சாமான்கள் வந்துசேர்ந்து, ஒரு புதன்கிழமை கடைசி இரண்டு பீரியடில் கிளப் தொடங்கியது. விளையாட்டு ஆசிரியரைக் கையைக் காலைப் பிடித்துச் சால்டரிங் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். சர்க்யூட் எனக்குத் தெரியும். புரோகிராம் எழுதி போர்டில் ஏற்றுவது அவளிடம் பார்த்ததுதான். எட்டு போர்டையும் கேபிளால் கம்ப்யூட்டரில் சொருகினோம். ஒன்றைக்கூடக் கம்ப்யூட்டர் அடையாளம் காணவில்லை. கேபிளை மாற்றினேன், அணைத்துப் போட்டேன், மறுபடி சொருகினேன். பிள்ளைகள் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "கம்ப்யூட்டர் மிஸ் எப்ப வருவாக?" என்று ஒருத்தி கேட்டாள். பீரியட் முடிய இருபது நிமிடம் இருந்தது.

வராந்தாவுக்கு வந்து அவளுக்கு போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். பின்னால் யாரோ ரேஷன் கார்டு நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நம்ம வாங்கினது விலை கம்மியான போர்டு. அதுல இருக்குற யுஎஸ்பி சிப்பு வேற மாதிரி. அதுக்குத் தனியா டிரைவர் சாஃப்ட்வேர் போட்டாத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். என் டேபிள் ரெண்டாவது டிராயர்ல பென்டிரைவ் இருக்கும், அதுல டிரைவர்னு ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு சிஸ்டத்துலயும் போடுங்க. போட்டதும் கேபிளக் கழட்டிட்டுச் சொருகுங்க."

போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே போய் அவள் சொன்னபடி செய்தேன். அவள் பொறுமையாக இருந்தாள். நடுவில் ஒரு முறை, "ஒரு நிமிசம்மா, கைரேகை வையுங்க" என்று அங்கே யாரிடமோ சொன்னாள். ஒரு போர்டில் பச்சை விளக்கு மினுங்கியது. பிறகு அடுத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

நான் மறுபடி வராந்தாவுக்கு வந்தேன். மன்னிச்சுக்கம்மா என்று சொல்லத்தான் வந்தேன். அதற்குள் அவளே பேசினாள். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. வினாத்தாள் அடிக்கும்போது எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்பாளே, அதே குரல்.

"அக்கா, இப்ப நான் பேசுன இந்த இருபது நிமிசத்த எந்த பீரியட்ல எழுதுவீங்க?"

எழுத இடமில்லை என்று சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள். அடுத்த ஆள் காத்திருப்பதாகச் சொல்லி போனை வைத்தாள்.